நிரம்பிய பட்டையில் ஓட்டம் இல்லை: லைப்சிக், 1931

செம்பு ஏன் மின்னைக் கடத்துகிறது என்று கேட்டால், அதில் சுயாதீன இலத்திரன்கள் இருக்கின்றன என்று பாடசாலையிலேயே பதில் சொல்லிவிடுவோம். சரி, வைரத்தில் ஏன் இல்லை? அதில் இலத்திரன்கள் அணுக்களோடு இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன என்போம். அப்படியென்றால் சிலிக்கன்? கொஞ்சம் கட்டுண்டும் கொஞ்சம் அவிழ்ந்தும் கிடக்கிறதா? இந்த இடத்தில் பதில் தடுமாறத் தொடங்கும். 1928 க்கும் 1931 க்கும் இடையில் ஐரோப்பாவின் மிகத் திறமையான பௌதிகவியலாளர் சிலரும் இதே இடத்தில்தான் தடுமாறினார்கள். அவர்கள் அதிலிருந்து வெளியே வந்த கதைதான் இது.

1900 இல் போல் ட்ரூட உலோகத்துக்குள் இருக்கும் இலத்திரன்களை ஒரு வாயுவைப்போலக் கற்பனை செய்தார். இலத்திரன்கள் ஓடும், அயன்களில் மோதும், திரும்பவும் ஓடும். அந்த மோதல்தான் தடை. படம் அழகானது, ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அறை வெப்பநிலையில் செம்பில் ஓர் இலத்திரன் மோதாமல் போகிற தூரத்தைக் கணித்தால் அது சுமார் 40 நனோமீற்றர் வருகிறது. செம்பில் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையிலான தூரமோ சுமார் 0.26 நனோமீற்றர். அதாவது நெருக்கமாக அடுக்கியிருக்கும் 150 அணுக்களைத் தாண்டும்வரை இலத்திரன் ஒன்றிலும் முட்டவில்லை. குளிரூட்டினால் இந்தத் தூரம் இன்னும் கூடும். சனம் நிறைந்த சந்தைக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிற ஒருவர் 150 பேரைத் தாண்டியும் ஒருவரிலும் முட்டவில்லை என்றால், அவர் நாம் நினைக்கிற மாதிரி ஓடவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்தப் புதிரை அவிழ்த்தவர் பீலிக்ஸ் புளொக். சூரிச்சில் பிறந்தவர். 1928 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேர்ணர் ஹைசன்பேர்க்கின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். வயது 22. இலத்திரன் ஓர் அலை என்பது அப்போது புதிதாகத் தெரிந்த விசயம். பளிங்குக்குள் அயன்கள் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே இலத்திரன் உணரும் மின்னழுத்தமும் அதே ஒழுங்கில் ஏறி இறங்குகிறது. இப்படி ஒழுங்காகத் திரும்ப வரும் அழுத்தத்துக்குள் ஓர் அலை என்ன செய்யும் என்று அவர் கணித்தார். அது சிதறுவதில்லை என்று விடை வந்தது. வெற்றிடத்தில் போகிற அலையைப்போலவே அது முழுப் பளிங்கிலும் பரவும். அந்த அலை ஒவ்வோர் அயனையும் கடக்கும்போது அயன்களின் தாளத்துக்கு ஏற்பக் கொஞ்சம் நெளியும், அவ்வளவுதான். ஒழுங்காக அடுக்கப்பட்ட அயன்கள் இலத்திரனைத் தடுப்பதில்லை. ஒழுங்கு குலைகிற இடங்கள்தான் தடுக்கும்: வெப்பத்தில் அதிர்கிற அயன்கள், கலந்திருக்கும் மாசுகள். குளிரூட்டும்போது உலோகத்தின் தடை ஏன் குறைகிறது என்பதும் இதோடு விளங்கியது.

பிரச்சினை என்னவென்றால், விடை அளவுக்கு மிஞ்சி நன்றாக இருந்தது. புளொக்கின் கணிப்பு செம்புக்கு மட்டும் உரியதல்ல, எந்தப் பளிங்குக்கும் பொருந்தும். வைரமும் பளிங்கு, கல்லுப்பும் பளிங்கு. அவற்றிலும் இலத்திரன் அலை தடையில்லாமல் பரவவேண்டும். முன்பு "உலோகம் ஏன் இவ்வளவு நன்றாகக் கடத்துகிறது?" என்று கேட்டார்கள். இப்போது கேள்வி தலைகீழானது: எல்லாப் பளிங்குகளும் ஏன் உலோகமாக இல்லை?

இதற்கான விடையின் முதற்பாதி அதே ஒழுங்குக்குள்தான் ஒளிந்திருந்தது. ஒரு மாதிரிச் சங்கிலியை எடுத்துப் பார்ப்போம். அயன்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன, அடுத்தடுத்த இரண்டுக்கு இடைத்தூரம் a. ஓர் இலத்திரன் அலை இடமிருந்து வலமாக வருகிறது. ஒவ்வோர் அயனும் அந்த அலையில் மிகச் சிறிய பங்கைத் திருப்பித் தெறிக்கிறது. பொதுவாக இந்தச் சிறு தெறிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒன்றின் முடி இன்னொன்றின் தாழியோடு சேர்ந்து அழிந்துபோகும். அதனால் அலை தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் ஓர் அலைநீளம் மட்டும் வித்தியாசமானது. அடுத்த அயனில் தெறித்துவரும் அலை, போக a, வர a என மேலதிகமாக 2a தூரம் பயணிக்கிறது. இந்த 2a சரியாக ஓர் அலைநீளமாக இருந்தால், அதாவது λ = 2a என்றால், எல்லா அயன்களிலிருந்தும் வரும் தெறிப்புகள் முடியோடு முடி சேர்ந்து கூடும். தனியாக ஒன்றுமே இல்லாத சிறு தெறிப்புகள், ஆயிரக்கணக்கில் ஒத்துச் சேரும்போது வருகிற அலையை முழுதாகத் திருப்பிவிடும். எக்ஸ் கதிர்களுக்குப் பிறாக் கண்ட அதே விதிதான் இங்கு இலத்திரனுக்கு நடக்கிறது.

போகிற அலையும் திரும்புகிற அலையும் சம பலத்தில் சேர்ந்தால் அலை முன்னேறாது, நின்ற இடத்திலேயே ஆடும். உயர்தரத்தில் இழையை வைத்துப் படித்த நிலையான அலைதான் இது. அப்படி நிற்பதற்கு இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஒன்றில் இலத்திரன் பெரும்பாலும் அயன்களின் மேலேயே குவிந்திருக்கும். மற்றதில் அயன்களுக்கு நடுவில் குவிந்திருக்கும். அயன் நேரேற்றம் கொண்டது, இலத்திரனைக் கவர்கிறது. ஆகவே முதல் நிலையின் சக்தி குறைவு, இரண்டாவதின் சக்தி கூட. அலைநீளம் ஒன்றுதான், சக்தி மட்டும் இரண்டு. இந்த இரண்டுக்கும் நடுவிலான சக்தியோடு அந்தச் சங்கிலிக்குள் பரவக்கூடிய அலை ஒன்றுகூடக் கிடையாது. அந்த வெறுமைக்குப் பெயர் சக்தி இடைவெளி. இடைவெளிக்குக் கீழும் மேலும் தொடர்ச்சியாக இருக்கும் சக்திகளின் கூட்டம்தான் பட்டை.

அளவு தெரிய ஓர் எண்ணைப் போடுவோம். a 0.3 நனோமீற்றர் என்றால் λ 0.6 நனோமீற்றர். அந்த அலைநீளமுடைய சுயாதீன இலத்திரனின் சக்தி சுமார் 4 இலத்திரன்வோல்ற்று. அதாவது இந்தத் தெறிப்பு நடப்பது ஏதோ எட்டாத உயரத்தில் இல்லை. அணுக்களின் வெளி இலத்திரன்கள் வழக்கமாக இருக்கும் சக்தியிலேயே நடக்கிறது. இந்த இடைவெளியை மெல்லிய அழுத்தத்துக்கு 1930 இல் காட்டியவர் றுடோல்ப் பயேள்ஸ். 1931 இல் குறோனிக்கும் பெனியும் இன்னும் எளிமையாக, சதுரச் சதுரமாக ஏறி இறங்கும் ஓர் அழுத்தத்தை எடுத்து, பட்டைகளையும் இடைவெளிகளையும் காகிதத்திலேயே கணித்துக் காட்டினார்கள்.

இனி ஒரு பட்டைக்குள் எத்தனை இலத்திரனுக்கு இடம் இருக்கிறது என்று எண்ணவேண்டும். சங்கிலியில் N அணுக்கள் என்போம், அதன் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்குவோம். நீளம் Na. வளையத்தில் அலை பொருந்தவேண்டும் என்றால் முழு எண்ணிக்கையில்தான் பொருந்தும்: ஓர் அலை, இரண்டு அலை, மூன்று அலை. அலைநீளம் 2a ஆகக் குறுகும்போது வளையத்தில் N/2 அலைகள் இருக்கும், அங்கே முதற்பட்டை முடிகிறது. வலப்பக்கம் போகிறவை, இடப்பக்கம் போகிறவை இரண்டையும் சேர்த்தால் மொத்தம் N நிலைகள். பௌலியின் விதிப்படி ஒரு நிலையில் எதிரெதிர்ச் சுழற்சியுள்ள இரண்டு இலத்திரன்கள் இருக்கலாம். ஆகவே பட்டை ஒன்றில் 2N கதிரைகள். ஓர் அணு ஓர் இலத்திரனைக் கொடுத்தால் பட்டை பாதி நிரம்பும். இரண்டு கொடுத்தால் முழுதாக நிரம்பும்.

இவ்வளவும் 1930 இன் முடிவில் ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருந்தது. ஆனால் காவலி என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. காவலியில் இலத்திரன் ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது கடினம், உலோகத்தில் சுலபம், வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது என்ற நினைப்பே பரவலாக இருந்தது.

1931 சனவரியில் அலன் வில்சன் என்கிற 24 வயது இளைஞர் கேம்பிரிட்ஜிலிருந்து லைப்சிக்குக்கு வந்தார். புளொக்கும் பயேள்ஸும் செய்த வேலையை ஒரு கருத்தரங்கில் விளக்குமாறு ஹைசன்பேர்க் அவரிடம் சொன்னார். மற்றவர்களுக்கு விளக்குவதற்காக அந்தக் கட்டுரைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போதுதான் அவருக்கு ஒன்று பட்டது. இலத்திரன் பரவக்கூடியதாக இருந்தால் மட்டும் மின் ஓடிவிடாது. பட்டை நிரம்பியிருந்தால் ஓடாது.

இதை விளங்கிக்கொள்ளச் சங்கீதக் கதிரை விளையாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு வித்தியாசம்: இங்கே ஆட்களும் கதிரைகளும் ஒரே எண்ணிக்கை. ஒவ்வொரு கதிரையும் ஒரு வேகத்தைக் குறிக்கிறது. வட்டத்தின் ஒரு பாதியில் வலப்பக்கம் போகும் வேகங்கள், மறுபாதியில் அதே அளவில் இடப்பக்கம் போகும் வேகங்கள். மின்கலத்தை இணைத்தால் எல்லோரும் ஒரே திசையில் ஒவ்வொரு கதிரை நகர்கிறார்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கதிரையில் இருந்தவர் எங்கே போவார்? அந்த விளிம்பு λ = 2a என்ற இடம். அங்கே அலை முழுதாகத் திரும்புகிறது, ஆகவே அவர் இடப்பக்கத்தின் முதற் கதிரையில் வந்து உட்காருகிறார். எல்லோரும் நகர்ந்தார்கள், ஆனால் நகர்ந்த பிறகும் எல்லாக் கதிரையிலும் ஆள் இருக்கிறது. வலப்பக்கம் போகிற ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் போகிற ஒருவர் சரிக்குச் சரி. மொத்த ஓட்டம் பூச்சியம். ஒருவரும் கட்டுண்டு கிடக்கவில்லை, எல்லோரும் அசைகிறார்கள், இருந்தும் மின் ஓடவில்லை.

பாதி நிரம்பிய பட்டையில் கதை வேறு. வெறுங்கதிரைகள் பக்கத்திலேயே இருப்பதால் மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் சாயலாம். அதுதான் சோடியம். ஆக, கடத்திக்கும் காவலிக்கும் உள்ள வித்தியாசம் இலத்திரன் எவ்வளவு இறுகக் கட்டுண்டிருக்கிறது என்பதில் இல்லை. பட்டை நிரம்பியிருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

வில்சன் இதைச் சொன்னபோது ஹைசன்பேர்க் புளொக்கைக் கூப்பிட்டார். புளொக்கின் முதல் எதிர்வினை, இது பிழை என்பதுதான். சுமார் ஒரு கிழமை யோசித்த பிறகே ஏற்றுக்கொண்டார் என்று வில்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். உடனே நம்பமுடியாததற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மகனீசியத்தை எடுங்கள். ஓர் அணுவுக்கு இரண்டு வெளி இலத்திரன்கள், எங்கள் சங்கிலிக் கணக்கின்படி பட்டை நிரம்பவேண்டும், அது காவலியாக இருக்கவேண்டும். ஆனால் மகனீசியம் நல்ல உலோகம். விடை, உண்மையான பளிங்கு ஒற்றைச் சங்கிலி இல்லை என்பதில் இருக்கிறது. முப்பரிமாணத்தில் ஒவ்வொரு திசையிலும் பட்டை வெவ்வேறு சக்தியில் முடியும். ஒரு திசையில் கீழ்ப்பட்டையின் உச்சி, இன்னொரு திசையில் மேற்பட்டையின் அடியைவிட உயரமாக இருந்தால் இரண்டும் மேவிவிடும். அப்போது இலத்திரன்கள் கீழ்ப்பட்டையை முழுதாக நிரப்பாமல் மேற்பட்டைக்கும் வழியும். இரண்டு பட்டைகளும் அரைகுறையாக நிரம்புவதால் உலோகம். ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது, பட்டைகள் மேவாமல் எல்லாத் திசையிலும் இடைவெளி இருக்கவும் வேண்டும். வைரத்தில் அப்படி இருக்கிறது.

குறைகடத்தி எங்கே வருகிறது என்று இப்போது நீங்களே ஊகிக்கலாம். வைரம், சிலிக்கன், ஜேர்மானியம் மூன்றும் ஒரே பளிங்கு அமைப்பு. மூன்றிலும் ஓர் அணுவுக்கு நான்கு வெளி இலத்திரன்கள், மூன்றிலும் கீழ்ப்பட்டைகள் சரியாக நிரம்பியிருக்கின்றன. வித்தியாசம் இடைவெளியின் அகலம் மட்டுமே: வைரத்தில் 5.5, சிலிக்கனில் 1.12, ஜேர்மானியத்தில் 0.67 இலத்திரன்வோல்ற்று. அறை வெப்பநிலையில் வெப்பம் ஓர் இலத்திரனுக்குக் கொடுக்கிற வழக்கமான சக்தி, அதாவது kT, வெறும் 0.026. இவ்வளவு சின்ன உந்தலில் இடைவெளியைத் தாண்டுவது அபூர்வம். அந்த அபூர்வத்தின் அளவை exp(−Eg/2kT) என்ற காரணி சொல்கிறது. சிலிக்கனுக்கு அது சுமார் 4 × 10⁻¹⁰. வைரத்துக்கோ சுமார் 10⁻⁴⁶. இடைவெளி ஐந்து மடங்குதான் கூடியது, வாய்ப்போ கற்பனைக்கு எட்டாதபடி சுருங்கிவிட்டது. அறை வெப்பநிலையில் தூய சிலிக்கனின் ஒரு கன சென்ரிமீற்றரில் மேற்பட்டைக்குப் போன இலத்திரன்கள் சுமார் 10¹⁰. அணுக்களோ 5 × 10²². ஐந்து இலட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் இலத்திரன் என்ற கணக்கு. தூய வைரத்தில் ஒன்றுகூட இல்லை எனலாம்.

தாண்டிப் போகும் ஒவ்வோர் இலத்திரனும் கீழே ஒரு வெறுங்கதிரையை விட்டுச் செல்கிறது. இப்போது கீழ்ப்பட்டையும் முழுதாக நிரம்பியதல்ல. எல்லோரும் ஒவ்வொரு கதிரை நகரும்போது அந்த வெறுமையும் நகர்கிறது. அது நேரேற்றமுள்ள ஒரு துணிக்கைபோல நடந்துகொள்ளும். பாடப்புத்தகத்தில் துளை என்று படிப்பது இதைத்தான்.

இதிலிருந்து நேரடியாகச் சோதிக்கக்கூடிய ஒரு விளைவு வருகிறது. செம்பை 10 பாகை சூடாக்கினால் தடை சுமார் 4 சதவீதம் கூடும், ஏனெனில் அயன்கள் இன்னும் அதிர்ந்து ஒழுங்கைக் குலைக்கின்றன. அறை வெப்பநிலையில் தூய சிலிக்கனை 10 பாகை சூடாக்கினால் அதன் இலத்திரன்களும் துளைகளும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், தடை ஏறக்குறைய பாதியாகும். சூடாக்கினால் தடை குறைகிற இந்த விசித்திரத்தை மைக்கல் பரடே 1833 இலேயே வெள்ளிச் சல்பைட்டில் கண்டிருந்தார். காரணம் கிடைக்க ஏறத்தாழ நூறு வருசம் பிடித்தது.

ஆனால் 1931 இல் ஆய்வுகூடத்திலிருந்து வந்த அளவீடுகள் வில்சனுக்குச் சாதகமாக இல்லை. ஒரே பொருளின் இரண்டு மாதிரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தடைகளைக் காட்டின. ஏர்லாங்கனில் இருந்த பரிசோதனையாளர் பேர்ண்ஹார்ட் குடன், கடத்தலுக்குக் காரணமே மாசுகள்தான், தூய நிலையில் குறைகடத்தி என்று ஒன்று இல்லை என்ற பக்கம் நின்றார். அதே வருடம் பௌலி பயேள்ஸுக்கு எழுதிய கடிதத்தில், குறைகடத்திகள் ஓர் அழுக்குக் குழப்பம், அதில் கைவைக்கக்கூடாது, அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும் என்ற கருத்தில் எழுதினார்.

வில்சன் தன் இரண்டாவது கட்டுரையில் அந்த அழுக்கையே கணக்குக்குள் கொண்டுவந்தார். ஒரு மாசு அணு பளிங்கின் ஒழுங்கை ஓர் இடத்தில் உடைக்கிறது. ஒழுங்கு உடைந்த இடத்தில், இடைவெளிக்குள்ளேயே ஒரு தனி நிலை இருக்க ஏலும். உதாரணமாக, சிலிக்கனில் ஒரு பொசுபரசு அணு உட்கார்ந்தால் அதன் ஐந்தாவது இலத்திரனுக்குக் கீழ்ப்பட்டையில் இடமில்லை. மேற்பட்டைக்கு வெறும் 0.045 இலத்திரன்வோல்ற்றுக் கீழே அது தொங்கிக்கொண்டு நிற்கும், அறை வெப்பமே அதைத் தட்டிவிடப் போதும். பத்து இலட்சம் சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பொசுபரசு என்றாலே ஒரு கன சென்ரிமீற்றரில் 5 × 10¹⁶ இலத்திரன்கள் வந்துவிடும். தூய சிலிக்கன் தானாகத் தருவதைப்போல 50 இலட்சம் மடங்கு. இரசாயனவியலாளர் ஒருவர் 'மிகத் தூயது' என்று பெயரொட்டிக் கொடுக்கும் மாதிரியில்கூட மாசுதான் ஆட்சி செய்யும்.

அப்படியானால் அளந்தது பளிங்கின் இடைவெளியா, மாசின் நிலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடத்துதிறனின் மடக்கையை 1/T க்கு எதிராக வரைந்து பார்க்கலாம். குறைந்த வெப்பநிலைப் பக்கம் கோடு மாதிரிக்கு மாதிரி மாறும், அது மாசின் கதை. சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கோடு செங்குத்தாக வளையும். அதற்குப் பிறகு எல்லா மாதிரிகளும் ஒரே கோட்டில் வந்து சேரும். அந்தக் கோட்டின் சரிவிலிருந்து பளிங்கின் சொந்த இடைவெளியைக் கணிக்கலாம். ஒளியை வைத்தும் பார்க்கலாம். இடைவெளியைவிடச் சக்தி குறைந்த ஒளியை உறிஞ்சி இலத்திரன் தாண்டமுடியாது, ஆகவே அந்த ஒளி ஊடுருவிப் போய்விடும். கட்புல ஒளியின் சக்தி சுமார் 3 இலத்திரன்வோல்ற்றுக்கு மேற்படாததால் வைரம் தெளிவாக இருக்கிறது. சிலிக்கன் எங்கள் கண்ணுக்குச் சாம்பல் நிறத் தகடு. சுமார் 1.1 மைக்கிரோமீற்றருக்கு மேல் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ் ஒளிக்கோ அது கண்ணாடி.

இந்தக் கொள்கைக்கு எல்லையும் உண்டு. நிக்கல் ஒட்சைட்டில் ஒரு பட்டை அரைகுறையாகத்தான் நிரம்பியிருக்கிறது, வில்சனின் விதிப்படி அது உலோகம். உண்மையில் அது காவலி. இதை 1937 இல் டி பூரும் ஃபெர்வேயும் சுட்டிக்காட்டினார்கள். பட்டைக் கணக்கு ஒவ்வோர் இலத்திரனையும் தனியாள் போலவே நடத்துகிறது. நிக்கலின் உள் இலத்திரன்களோ ஒன்றையொன்று பலமாகத் தள்ளுகின்றன. ஓர் அணுவில் மேலதிகமாக ஓர் இலத்திரன் வந்து உட்காருவதற்கு ஆகும் செலவு, பரவுவதால் கிடைக்கும் இலாபத்தைவிடக் கூட. கதிரை வெறுமையாக இருந்தும் பக்கத்தில் இருப்பவர் உட்கார விடமாட்டார் என்ற மாதிரி. நெவில் மொட் பின்பு ஆராய்ந்து பெயர்பெற்றது இந்த வகைக் காவலிகளைத்தான்.

வில்சன் யுத்தத்துக்குப் பிறகு பௌதிகவியலை விட்டுத் தொழிற்துறைக்குப் போனார். 1960களில் கிளாக்சோ மருந்துக் கம்பனியின் தலைவரானார். அவர் கணக்கில் எழுதிய தூய்மையைக் கையில் எடுக்கும் வேலை வேறு ஆட்களிடம் போனது. 1947 டிசெம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீனும் பிறட்டெய்னும் முதல் திரான்சிஸ்டரை இயக்கிக் காட்டியபோது அதில் இருந்தது ஒரு ஜேர்மானியத் துண்டு. அதற்குள் மாசு எவ்வளவு, எந்த வகை என்பது அப்போது தெரிந்தே வைக்கப்பட்டிருந்தது.